பெயின்ட் கடையில் அகழி தேடுவது எப்படி

கேள்வி: "போட்டியாளர் நெருங்க முடியாத அகழி உள்ள நிறுவனத்தை வாங்கிப் பத்து வருடம் வைத்திருந்தால் போதும் என்றார்கள். அப்படி நம்பி 2022 தொடக்கத்தில் ஏசியன் பெயின்ட்ஸ் வாங்கினேன். ஏறவே இல்லை. இப்போது பிர்லா வேறு வந்துவிட்டார்கள். அகழி இருந்ததா, போய்விட்டதா? அடுத்த நிறுவனத்தில் இதை முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது?"

நீங்கள் வாங்கிய தேதியிலிருந்தே தொடங்குகிறேன். 2022 ஜனவரியில் அந்தப் பங்கு சுமார் 3,400 ரூபாய்க்கு மேல் கைமாறிக்கொண்டிருந்தது. 2021-22 நிதியாண்டில் நிறுவனம் ஈட்டிய நிகர லாபம் சுமார் 3,030 கோடி. பங்கு ஒன்றுக்கு 31 ரூபாய் 60 காசு. அதாவது ஒரு ரூபாய் ஆண்டு லாபத்துக்கு நீங்கள் 107 ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள். அடுத்த இரண்டே ஆண்டுகளில், 2023-24இல், நிகர லாபம் 5,460 கோடியாக, பங்குக்கு சுமார் 57 ரூபாயாக உயர்ந்தது. 80 சதவீத வளர்ச்சி. ஆனால் 2024 மார்ச் இறுதியில் பங்கின் விலை சுமார் 2,850 ரூபாய்தான். பிர்லா குழுமத்தின் பெயின்ட்டான பிர்லா ஓபஸ் அறிமுகமானது 2024 பிப்ரவரி 22ஆம் தேதி. புதியவரின் டப்பாக்கள் கடைகளில் பரவலாக நிறைவதற்கு முன்பே, லாபம் கிட்டத்தட்ட இரட்டிப்பான காலத்தில், உங்கள் முதலீடு இறங்கியிருக்கிறது. போட்டியின் பயத்துக்கு இதில் ஒரு பங்கு உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். நுழையப்போவதாக அறிவிப்பு 2021இலேயே வந்துவிட்டது. ஆனால் பெரும் பங்கு அந்த 107இன் வேலை.

அந்த 107 எவ்வளவு கனமானது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. எந்தப் போட்டியும் வரவில்லை, லாபம் பத்து ஆண்டுகளும் தவறாமல் 15 சதவீதம் வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். 31.60 ரூபாய் பத்தாவது ஆண்டில் சுமார் 128 ரூபாயாகும். அன்றைக்குச் சந்தை அதற்கு 40 மடங்கு கொடுத்தால் பங்கின் விலை 5,120. நீங்கள் 3,400 போட்டீர்கள். ஆண்டுக்கு 4.2 சதவீதம், அதனுடன் கொஞ்சம் டிவிடென்ட். வங்கி வைப்புத்தொகையைவிடக் குறைவு. அதே நிறுவனத்தை, அதே வளர்ச்சியுடன், 50 மடங்கில், அதாவது 1,580 ரூபாய்க்கு ஒருவர் வாங்கியிருந்தால் அவருக்கு ஆண்டுக்கு 12.5 சதவீதம். அகழி இருவருக்கும் ஒன்றுதான்.

விலையின் கதை இவ்வளவே. இனி அகழிக்கு வருவோம், எனக்குப் பிடித்த பகுதி அதுதான்.

அகழி என்ற சொல்லைப் பலரும் 'புகழ்பெற்ற பெயர்' என்ற பொருளில் பயன்படுத்துகிறார்கள். அதனால்தான் ஏமாறுகிறார்கள். நான் அதற்கு வைத்திருக்கும் பொருள் குறுகியது: தொழிலில் போட்ட பணத்துக்கு ஒரு நிறுவனம் வழக்கத்துக்கு மீறிய வருமானம் ஈட்டுகிறது, அதைப் பார்த்து மற்றவர்கள் பணத்தோடு வருகிறார்கள், வந்த பிறகும் அந்த வருமானம் கரையாமல் இருக்கிறது. மூன்றும் நடந்தால்தான் அகழி. முதலாவது மட்டும் இருந்தால் அது நல்ல காலம். அளக்க எளிய கருவி, பயன்படுத்திய மூலதனத்தின் மீதான வருமானம். வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபத்தை, பங்குதாரர் பணமும் கடனும் சேர்ந்த தொகையால் வகுத்தால் கிடைப்பது. ஏசியன் பெயின்ட்ஸில் இது 2014 முதல் 2024 வரை ஏறத்தாழ 30 சதவீதத்துக்கு மேலேயே நின்றது. பத்து ஆண்டுகளில் பணமதிப்பிழப்பு, ஜிஎஸ்டி, கொரோனா, கச்சா எண்ணெய் விலையேற்றம் எல்லாம் வந்து போயின.

பெயர் மட்டும் போதாது என்பதற்கு அதே தொழிலிலேயே சாட்சி இருக்கிறது. ஷாலிமார் பெயின்ட்ஸ் 1902இல் ஹவுரா பக்கம் தொடங்கியது. ஏசியன் பெயின்ட்ஸ் பிறந்தது 1942இல், பம்பாயில், நான்கு நண்பர்கள் சேர்ந்து. நாற்பது ஆண்டு மூத்த, எல்லோரும் கேள்விப்பட்ட பெயரை வைத்திருந்த ஷாலிமார் சமீப காலத்தில் பல ஆண்டுகள் தொடர்ந்து நஷ்டம் காட்டியிருக்கிறது. சுவருக்கு அடித்துக் காய்ந்தபின் இது எந்த நிறுவனத்தின் பெயின்ட் என்று உங்களால் சொல்ல முடியுமா? என்னால் முடியாது. ரசாயனமாகப் பார்த்தால் பெயின்ட்டில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. டைட்டானியம் டை ஆக்சைடு, பிசின், கரைப்பான், தண்ணீர். பிறகு எங்கே இருக்கிறது அந்த 30 சதவீதம்?

கடைக்குப் போய்ப் பாருங்கள். எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹார்டுவேர் கடை இருக்கிறது. முன்பக்கம் பத்தடி அகலம். பின்கட்டில் குடோன் என்று சொல்லும் ஓர் அறை. அதற்குள் ஆணி, பைப், சிமென்ட் மூட்டையோடு பெயின்ட்டும் இருக்க வேண்டும். பெயின்ட்டின் தொல்லையே அதன் வகைகள்தான். உள்சுவர் எமல்ஷன், வெளிச்சுவர் எமல்ஷன், இரும்புக்கு எனாமல், பிரைமர், புட்டி. ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு தரம். ஒவ்வொரு தரத்திலும் ஒரு லிட்டர் டப்பா முதல் 20 லிட்டர் பக்கெட் வரை. பிறகு நூற்றுக்கணக்கான நிறங்கள். வருகிற வாடிக்கையாளர் எதைக் கேட்பார் என்று தெரியாது. கேட்டது இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போய்விடுவார், ஏனென்றால் பெயின்டர் வீட்டில் ஏணி போட்டுக் காத்திருக்கிறார், அவருக்கு அன்றைய கூலி ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்தச் சிக்கலை டீலருக்காகத் தீர்த்து வைத்ததுதான் ஏசியன் பெயின்ட்ஸின் சாமர்த்தியம். தொடக்க காலத்தில் நகரத்துப் பெரிய விநியோகஸ்தர்கள் எல்லாம் வெளிநாட்டு நிறுவனங்களின் கையில் இருந்ததால், இவர்கள் சிறிய ஊர்களுக்குப் போனார்கள், சிறிய டப்பாக்களில் அடைத்து விற்றார்கள், மொத்த வியாபாரி என்ற நடுக்கண்ணியை விட்டுவிட்டு நேரடியாகக் கடைக்காரருக்கே சரக்கு கொடுத்தார்கள். நேரடியாகக் கொடுப்பதால் எந்த ஊரில் எந்த மாதம் எந்த நிறம் போகிறது என்ற கணக்கு நிறுவனத்தின் கைக்கே வந்தது. 1970களின் தொடக்கத்திலேயே கணினி வாங்கி, விற்பனையைக் கணிக்கும் வேலையில் அதை ஈடுபடுத்திய இந்திய நிறுவனம் இது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முன்பு எந்தக் கிடங்கில் எதை நிரப்ப வேண்டும் என்பதைப் பல பத்தாண்டுகளின் கணக்கு சொல்கிறது. அதனால் பெரிய ஊர்களில் வண்டி ஒரே நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட முறைகூட வரும். டீலர் குடோனில் அடுக்கி வைக்க வேண்டியதில்லை. கிட்டத்தட்ட நிறுவனத்தின் கிடங்கே அவருடைய குடோன்.

இது டீலரின் கையில் என்ன செய்கிறது என்று கணக்காகப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொள்பவை. ஒருவர் சரக்கில் 4 லட்சம் முடக்குகிறார். முதல் கம்பெனி ரூபாய்க்கு 5 காசுதான் லாபம் தருகிறது, ஆனால் சரக்கு மாதம் ஒருமுறை சுழல்கிறது. ஆண்டு விற்பனை 48 லட்சம், லாபம் 2.4 லட்சம். இரண்டாவது கம்பெனி தாராளமாக 10 காசு தருகிறது, ஆனால் சரக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் நகர்கிறது. விற்பனை 16 லட்சம், லாபம் 1.6 லட்சம். இரட்டிப்பு மார்ஜின் கொடுத்தும் இரண்டாமவர் தோற்கிறார். முதல் கம்பெனி இந்த வித்தியாசத்தைத் தன் லாபமாக வைத்துக்கொள்ள முடிகிறது. விளம்பரத்தில் பார்க்கவே முடியாத இந்த இடத்தில்தான் அந்த 30 சதவீதம் உட்கார்ந்திருக்கிறது.

இதோடு டின்டிங் மெஷின். நிறம் இல்லாத பேஸ் டப்பாவைத் திறந்து, கணினி சொல்லும் அளவில் நிறமிகளைச் சொட்டுவிட்டு, குலுக்கிக் கொடுக்கும் இயந்திரம். ஆயிரம் நிறத்தை ஆயிரம் டப்பாவாக அடுக்க வேண்டியதில்லை. நான்கைந்து பேஸும் பன்னிரண்டு நிறமியும் போதும். ஆனால் அது கடை முன்பக்கத்தில் இரண்டு மூன்று அடி இடத்தைப் பிடிக்கும். பத்தடிக் கடையில் எத்தனை மெஷின் வைக்க முடியும்? ஒன்று, மிஞ்சினால் இரண்டு. முதலில் போய் உட்கார்ந்தவருக்கு அது ஒரு மனைப்பட்டா மாதிரி.

பெயின்டர் என்ற மனிதரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் பத்து ஆண்டுகளில் இரண்டு முறை பெயின்ட் அடிப்பார். எதை வாங்குவது என்று பெயின்டரைத்தான் கேட்பார். பக்கெட்டுக்குள் பெயின்டருக்கான டோக்கன் வைப்பது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். இப்போது பல இடங்களில் அது போனில் ஸ்கேன் செய்யும் புள்ளிகளாகிவிட்டது. ஆனால் டோக்கனை யார் வேண்டுமானாலும் கூட்டிக் கொடுக்கலாம். எனவே அதை நான் அகழியில் சேர்ப்பதில்லை. பணம் கொடுத்தால் ஒரே வாரத்தில் நகலெடுக்கக்கூடியது எதுவும் அகழியில் சேராது. ஆர்.கே. லக்ஷ்மண் 1954இல் ஏசியன் பெயின்ட்ஸின் சின்னமாக வரைந்த அந்த 'கட்டு' பையன்கூட, அன்பான பையன்தான், அகழி அல்ல.

அகழி உண்மையிலேயே இருக்கிறதா என்று சோதிக்க எனக்குப் பிடித்த ஆண்டு 2021. மூலப்பொருள்கள் கச்சா எண்ணெயோடு சேர்ந்து எகிறின. ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டில் நிறுவனத்தின் லாபம் முந்தைய ஆண்டைவிடக் கால்பங்குக்கு மேல் சரிந்தது. செய்தித்தாள்கள் சோகமாக எழுதின. நிறுவனம் அந்த நிதியாண்டுக்குள் படிப்படியாக 20 சதவீதத்துக்கு மேல் விலை ஏற்றியது. அகழி இல்லாதவர் இப்படி ஏற்றினால் சரக்கு கடையிலேயே தங்கிவிடும். இவர்களுக்கோ விற்பனை அளவு குறையவில்லை. மூலப்பொருள் விலை பின்னர் தணிந்தபோது, ஏற்றிய விலையின் பெரும்பகுதி அப்படியே நின்றது. 2023-24இன் அந்த 5,460 கோடி இப்படித்தான் வந்தது. எனவே லாபம் ஒரு காலாண்டில் விழுந்ததா என்று பார்ப்பதைவிட, விழுந்த பிறகு யாரிடமும் கேட்காமல் விலையை ஏற்றி அதைத் திரும்ப எடுக்க முடிந்ததா என்று பாருங்கள். ஆறு காலாண்டுகளுக்குள் பதில் தெரிந்துவிடும்.

ஆனால் அந்த 5,460 கோடியே அழைப்பிதழும் ஆயிற்று. பங்குதாரர் பணம் 19,000 கோடிக்கும் குறைவாக இருக்கும் நிறுவனம் ஆண்டுக்கு ஐயாயிரம் கோடி ஈட்டினால், சிமென்ட்டில் இருப்பவர்கள் கண்ணில் படாமல் போகுமா? 'எனக்கு யாராவது பத்தாயிரம் கோடி கொடுத்தால் இந்தத் தொழிலை உடைக்க முடியுமா' என்று முதலீட்டாளர்கள் தங்களையே கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. பெயின்ட்டில் அது வெறும் கற்பனையாக நிற்கவில்லை. ஆதித்ய பிர்லா குழுமத்தின் கிராசிம் 2021இல் 5,000 கோடி என்று அறிவித்து, 2022இல் அதைச் சரியாக 10,000 கோடியாக உயர்த்தியது. பானிபட், லூதியானா, நம் செய்யாறு, சாமராஜநகர், மகாட், கரக்பூர் என்று ஆறு ஆலைகள். ஆண்டுக்கு 133 கோடி லிட்டர் கொள்ளளவு. சிமென்ட், புட்டி வழியாகக் கட்டுமானக் கடைகளோடு அவர்களுக்கு ஏற்கனவே பழக்கம் இருந்தது. அகழியை ஆராய்பவனுக்கு இப்படியொரு பரிசோதனை வாழ்நாளில் இரண்டு மூன்று முறைதான் கிடைக்கும்.

அவர்கள் எங்கே தாக்கினார்கள் என்பதைக் கவனியுங்கள். அதுவே அகழியின் வரைபடம். டீலருக்கு டின்டிங் மெஷினை இலவசமாகக் கொடுத்தார்கள், இடம் குறைவாகப் பிடிக்கும் வடிவத்தில். அறிமுகக் காலத்தில் ஒரே விலைக்குக் கூடுதலாகப் பத்து சதவீதம் பெயின்ட் என்றார்கள். கூடுதல் ஆண்டுகளுக்கு உத்தரவாதம் என்றார்கள். கடைக்காரரின் இடம், கடைக்காரரின் பணம், வீட்டுக்காரரின் தயக்கம் என்ற மூன்று சுவர்களுக்கும் தனித்தனி ஏணி.

எங்கள் ஊர்க் கடையிலும் இரண்டாவது மெஷின் வந்தது. கடைக்காரரிடம் கேட்டேன். "சும்மா கொடுத்தால் யார் வேண்டாம் என்பார்கள், அண்ணே?" என்றார். பிறகு, "ஆனால் பழைய மெஷினை எடுக்கச் சொன்னால் எடுக்க மாட்டேன். காலையில் போன் செய்தால் மதியம் சரக்கு வருகிறதே" என்றார். நான் அதற்குப் பிறகு அந்தக் கடைக்குப் போகும்போதெல்லாம், விலையைக் கேட்கிற சாக்கில், எந்த மெஷினின் நிறமிக் குழாய் முனை ஈரமாக இருக்கிறது, எதில் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கிறது என்று பார்ப்பதுண்டு. ஒரு கடையை வைத்து நாட்டின் கதையைச் சொல்ல முடியாது என்பது தெரியும். ஆனால் ஆண்டறிக்கையில் 'டீலர்கள் எண்ணிக்கை' என்று வரும் எண்ணுக்குள் எத்தனை காய்ந்த குழாய்கள் ஒளிந்திருக்கும் என்பதைக் கடையில்தான் கற்றுக்கொண்டேன்.

விளைவு என்ன? 2024-25இல் ஏசியன் பெயின்ட்ஸின் வருமானம் சுமார் 35,500 கோடியிலிருந்து 33,900 கோடியாகக் குறைந்தது. நிகர லாபம் மூன்றில் ஒரு பங்கு சரிந்து சுமார் 3,670 கோடியானது. மூலதனத்தின் மீதான வருமானம் 30க்குக் கீழே, இருபதுகளின் நடுவுக்கு வந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் மதில் இடிந்துவிட்டது. உள்ளே போய்ப் பார்த்தால் படம் கொஞ்சம் மாறுகிறது. லிட்டர் கணக்கில் அந்த ஆண்டு விற்பனை குறையவில்லை, சிறிதளவு கூடவே செய்தது. ரூபாய் கணக்கில்தான் குறைந்தது. விலையைக் குறைத்ததும், மக்கள் விலை மலிவான தரத்துக்கு இறங்கியதும், டீலருக்கு அதிகத் தள்ளுபடி கொடுத்ததும் அதில் கலந்திருக்கின்றன. நகரங்களில் அந்த ஆண்டு தேவையே மந்தம். லாபச் சரிவில் ஒரு பகுதி, பெயின்ட்டுக்கு வெளியே செய்த சில முதலீடுகளின் மதிப்பைக் குறைத்து எழுதியதால் வந்தது. அதற்கும் போட்டிக்கும் சம்பந்தமில்லை, நிர்வாகத்தின் சொந்தத் தவறு அது.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு இரண்டு எண்கள். மூலப்பொருள் செலவு மட்டும் கழித்த மொத்த லாப விகிதம் ஏறத்தாழ ஒரு சதவீதப் புள்ளிதான் இறங்கியது. தேய்மானம், வட்டி, வரிக்கு முந்தைய செயல்பாட்டு லாப விகிதமோ 21 அளவிலிருந்து 18க்குக் கீழே வந்தது. இந்த இடைவெளிக்குப் பொருள் உண்டு. சரக்கின் விலை பெரிதாக உடையவில்லை. அந்த விலையைக் காப்பாற்ற விளம்பரத்துக்கும் கடைகளுக்கும் ஆட்களுக்கும் அதிகம் செலவழிக்க வேண்டியிருந்தது, விற்பனை வளராததால் அந்தச் செலவு கனமாகத் தெரிந்தது. கோட்டை விழவில்லை, காவலுக்குக் கூடுதல் கூலி. இதற்கு நேர்மாறாக, மொத்த லாப விகிதம் ஆண்டுக்கு இரண்டு மூன்று புள்ளியாகத் தொடர்ந்து இறங்கியிருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். 2025 ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டில் லிட்டர் விற்பனை சுமார் 11 சதவீதம் கூடி, லாபம் முந்தைய ஆண்டைவிட நாற்பது சதவீதத்துக்கு மேல் உயர்ந்து 1,000 கோடியை நெருங்கியது. முந்தைய ஆண்டின் தாழ்ந்த தளம் இதற்கு உதவியது என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

புதியவர் தோற்றுவிட்டாரா என்றால் அதுவும் இல்லை. ஓராண்டுக்குள் ஒழுங்கமைந்த சந்தையில் தங்கள் பங்கு ஒற்றை இலக்கச் சதவீதத்தின் மேல்முனையைத் தொட்டுவிட்டதாகக் கிராசிம் சொன்னது. பத்தாயிரம் கோடி போட்டவர் அவ்வளவு சீக்கிரம் கடையைக் கட்ட மாட்டார். 2025 ஜூனில் ஜேஎஸ்டபிள்யூ பெயின்ட்ஸ், டூலக்ஸ் விற்கும் அக்சோ நோபல் இந்தியாவின் பெரும்பான்மைப் பங்கை வாங்குவதாக அறிவித்தது. கடைகள் கையில் இல்லாதவர் கடைகள் உள்ளவரை வாங்குகிறார். விநியோகம்தான் அகழி என்பதற்கு, சுமார் 9,000 கோடி ரூபாய்க்கு எழுதப்பட்ட ஒப்புதல் அது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அகழியைப் புகழ்ந்து எழுதுபவர்கள் இதைத் தவிர்த்துவிடுகிறார்கள். டீலர் உங்களிடமே நிற்பது உங்கள் சேவை நல்லது என்பதாலா, அடுத்தவர் சரக்கை வைத்தால் உங்கள் சலுகை போய்விடும் என்ற அச்சத்தாலா? இரண்டும் லாப விகிதத்தில் ஒரே மாதிரிதான் தெரியும். ஜேஎஸ்டபிள்யூ முன்பு ஏசியன் பெயின்ட்ஸ் மேல் இப்படி ஒரு புகாரை இந்தியப் போட்டி ஆணையத்திடம் கொண்டுபோனது. விசாரணைக்குப் பின் 2022இல் ஆணையம் அதைத் தள்ளுபடி செய்தது. கிராசிம் கொடுத்த புகாரின் மேல் 2025 ஜூலையில் ஆணையம் மீண்டும் விசாரணைக்கு உத்தரவிட்டது. விசாரணைக்கு உத்தரவு என்பது குற்றம் நிரூபணம் ஆகாது. ஆனாலும் முதலீட்டாளர் குறித்துக்கொள்ள வேண்டியது: அகழியின் ஒரு பகுதி ஒப்பந்த நிபந்தனைகளில் நிற்கிறது என்றால், அந்தப் பகுதியை ஒரே உத்தரவில் தூர்த்துவிட முடியும். வண்டி மதியத்துக்குள் வருவதை எந்த உத்தரவும் தடுக்காது.

அடுத்த நிறுவனத்தைத் தேடும்போது நான் என்ன செய்கிறேன் என்று கேட்டீர்கள். பத்து ஆண்டு ஆண்டறிக்கைகளை இறக்கிக்கொண்டு, மூலதனத்தின் மீதான வருமானத்தை ஒரு தாளில் எழுதுவேன். 20க்கு மேல் நிற்பவை மட்டும் மேசையில் தங்கும். இது வடிகட்டி மட்டும்தான். இதையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டு நான் ஒருமுறை நன்றாக அடிபட்டிருக்கிறேன். மருந்து மூலப்பொருள் செய்யும் சிறிய நிறுவனம் ஒன்று. நான்கு ஆண்டுகள் தொடர்ந்து 30 சதவீதம். அகழி என்று நினைத்து வாங்கினேன். உண்மையில், சீனாவில் மாசுக் கட்டுப்பாட்டுக்காகச் சில ஆலைகளை மூடியிருந்தார்கள். அவை திறந்ததும் இரண்டே ஆண்டில் வருமானம் ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டது, என் பணத்தில் பாதி போயிற்று. தாளில் எண்கள் பொய் சொல்லவில்லை. அவை ஏன் வந்தன என்று ஒரே ஒரு வரி எழுதச் சொல்லியிருந்தால் என்னால் எழுத முடிந்திருக்காது.

அதனால் இப்போது அந்த ஒரு வரியை எழுதிய பிறகுதான் மேலே போகிறேன். 'இந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர், அல்லது டீலர், போட்டியாளர் மலிவாகக் கொடுத்தாலும் மாற மாட்டார், ஏனென்றால்...' என்று தொடங்கும் வரி. ஏனென்றால் என்பதற்குப் பின் 'நல்ல பிராண்டு', 'நல்ல நிர்வாகம்' என்று வந்தால் கிழித்துப் போடுவேன். பிறகு அதே தொழிலில் இரண்டாவது, மூன்றாவது இடத்தில் இருப்பவரின் அதே எண்ணை எழுதுவேன். எல்லோரும் 30 ஈட்டினால் தொழிலுக்கே நல்ல காலம். ஒருவர் 30, மற்றவர் 12 என்றால் அந்த வித்தியாசத்துக்குக் காரணம் தேடத் தகுந்தது. கடைசியாக, வர வேண்டிய பாக்கி எத்தனை நாள் விற்பனைக்குச் சமம் என்று பார்ப்பேன். அகழி கரையும்போது லாபத்துக்கு முன்னால் இது அசையும். டீலரைப் பிடித்து வைக்க நிறுவனம் முதலில் விட்டுக்கொடுப்பது விலையை அல்ல, தவணையை. 30 நாள் கடன் 45 ஆகும், பிறகு 60 ஆகும். லாபக் கணக்கில் எந்தச் சலனமும் தெரியாது. விற்பனை பத்து சதவீதமும் பாக்கி முப்பது சதவீதமும் வளரும் இரண்டு ஆண்டுகள் அடுத்தடுத்து வந்தால், காரணம் என்ன என்று நிறுவனத்தின் முதலீட்டாளர் கூட்டப் பதிவில் தேடுவேன். நேரான பதில் கிடைக்காவிட்டால் வெளியே வந்துவிடுவேன்.

உங்கள் பங்கைப் பொறுத்தவரை, 3,400 என்ற எண்ணை மறந்துவிடுங்கள். அது உங்களுக்கு மட்டும் தெரிந்த எண், நிறுவனத்துக்குத் தெரியாது. இன்றைய விலையை 2024-25இன் பங்கு லாபமான சுமார் 38 ரூபாயோடும், 2023-24இன் 57 ரூபாயோடும் வைத்துப் பாருங்கள். முதலாவது தாழ்ந்த ஆண்டு, இரண்டாவது உயர்ந்த ஆண்டு. இடையில் எங்கே நிலைக்கும் என்று நீங்கள் நம்புகிறீர்களோ அந்த எண்ணில் மேலே சொன்ன பத்தாண்டுக் கணக்கைப் போடுங்கள், 15 சதவீதத்துக்குப் பதில் 10 சதவீத வளர்ச்சியில். நான் சிறிய அளவில் வைத்திருக்கிறேன். புதிதாக வாங்கவில்லை. மொத்த லாப விகிதம் 40க்குக் கீழே போய், மூலப்பொருள் விலை தணிந்த பிறகும் நான்கு காலாண்டுகள் திரும்பி வராவிட்டால் விற்றுவிடுவேன். அது நடக்கும்வரை மாதம் ஒருமுறை ஏதாவது ஆணி வாங்க அந்தக் கடைக்குப் போய்வருவதாக உத்தேசம்.